கமெண்ட்டில் கிடக்கும் கேள்விகள்: ஒரு இட்லி மாவு வீடியோவை முன்வைத்து

எங்கள் யூடியூப் சேனலில் சமைப்பவர் என் பெரியம்மா. படம் பிடிப்பது, வெட்டி ஒட்டுவது, டைட்டில் வைப்பது எல்லாம் என் பங்கு. சேனலில் அதிகம் பேர் பார்த்தது கிரைண்டரில் இட்லி மாவு அரைக்கும் வீடியோதான். அதன் கீழே கமெண்ட்கள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. "சூப்பர்மா", "எங்க பாட்டி ஞாபகம் வந்துருச்சு" என்பவை போக, மீதியில் பெரும்பகுதி கேள்விகள். அந்தக் கேள்விகளைப் பிரித்தெடுத்து, சிலவற்றை அடுத்த வீடியோக்களின் டைட்டிலாகவும், சிலவற்றை டிஸ்கிரிப்ஷனில் கேள்வி பதிலாகவும் மாற்றுகிற வேலையைக் கொஞ்ச காலமாகச் செய்துவருகிறேன். அதை எப்படிச் செய்கிறேன் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன். தமிழில் வீடியோ போடுகிறவர்களுக்கு மட்டுமே வருகிற சில சிக்கல்கள் இதில் உண்டு. அவற்றைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

கேள்விகளைத் திரட்டுவதுதான் முதல் வேலை. யூடியூப் ஸ்டூடியோவின் கமெண்ட் பக்கத்தில் கேள்வி உள்ள கமெண்ட்களை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. நூறு இருநூறு கமெண்ட் உள்ள சேனலுக்கு அதுவும் பக்கத்திலுள்ள தேடுபெட்டியும் போதும். எங்களுக்குப் போதவில்லை. நம் ஆட்கள் கேள்விக்குறி போடுவதே குறைவு. "மிக்ஸில அரைக்கலாமா", "பச்சரிசி போட்டா வருமா அக்கா" என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அதிலும் பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். ஒரே "எப்படி"யை `epdi`, `eppadi`, `eppdi`, `epadi` என்று நாலு விதமாகப் பார்க்கலாம். "எவ்வளவு" இன்னும் மோசம்: `evlo`, `evalo`, `yevlo`, `evvalavu`. ஒரு சொல்லைத் தேடினால் மற்றவை எல்லாம் தப்பிவிடும்.

அதனால் எல்லாக் கமெண்ட்களையும் ஒரே மூச்சில் இறக்கிக்கொள்கிறேன். நிரல் மூலமாக யூடியூபிடம் தரவு கேட்டு வாங்கும் யூடியூப் டேட்டா ஏபிஐ இதற்கு வழி தருகிறது. கூகுள் கிளவுட் கன்சோலில் இலவசமாக ஒரு சாவி எடுத்துக்கொண்டு இப்படிக் கேட்டால் போதும்:

```
https://www.googleapis.com/youtube/v3/commentThreads?part=snippet&videoId=VIDEO_ID&maxResults=100&order=time&textFormat=plainText&key=API_KEY
```

ஒரு அழைப்புக்கு அதிகபட்சம் 100 கமெண்ட் வரும். பதிலில் `nextPageToken` என்று ஒன்று இருக்கும். அதை அடுத்த அழைப்பில் `pageToken` ஆகக் கொடுத்தால் அடுத்த நூறு வரும். ஒரு அழைப்பு 1 யூனிட், ஒரு நாளைக்குக் கிடைப்பது 10,000 யூனிட். ஆயிரம் கமெண்ட் இறக்கப் பத்துப் பன்னிரண்டு யூனிட்தான் செலவாகும் என்பதால் இந்த வரம்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கமெண்ட்டின் வாசகத்தோடு அதன் தேதி, லைக் எண்ணிக்கை, எத்தனை பேர் பதில் எழுதினார்கள் என்பதையும் எடுத்து வைக்கிறேன். எழுதியவர் பெயரை எடுப்பதில்லை. கேள்விக்கு அது தேவையே இல்லை. ஊர் பேர் தெரியாத மனிதர்களின் பட்டியல் என் கணினியில் கிடக்க வேண்டிய அவசியமும் இல்லை. அப்புறம் ஒரு விதி: ஏபிஐ வழியாக இறக்கிய தரவை 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அழித்துவிட வேண்டும். நான் அழித்துவிடுகிறேன். என் சொற்களில் எழுதிய கேள்விப் பட்டியல் மட்டும் மிஞ்சும்.

இறக்கியதில் கேள்விகளைப் பொறுக்க நான் பைத்தானில் எழுதி வைத்திருக்கும் சல்லடை இது:

```python
import re
KELVI = re.compile(
    r"\?|எப்படி|எப்டி|எவ்வளவு|எவ்ளோ|எத்தனை|எந்த|என்ன|ஏன்"
    r"|லாமா|(?<!குர)ுமா|மாட்டேங்குது"
    r"|\bep+a?di|\by?ev+a?l|\byen\b|\benna|\ben[dt]+ha"
    r"|la+ma\b|(?<!kur)uma+\b",
    re.I)
```

இதில் இரண்டு இடங்களை விளக்க வேண்டும். தமிழில் "வருமா", "முடியுமா", "போடலாமா" என்று வினைச்சொல்லின் வாலிலேயே கேள்வி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் "லாமா", "ுமா" என்ற வால்களைத் தேடுகிறேன். ஆனால் சமையல் சேனலில் "ுமா" என்று தேடினால் குருமாவெல்லாம் வந்து விழும். "இந்த இட்லிக்கு வெஜிடபிள் குருமா செம" என்பது கேள்வி கிடையாது. `(?<!குர)` என்ற துண்டு அதைத் தள்ளுவதற்காக. உங்கள் துறையில் இப்படி வேறு சொல் இருக்கும். முதல் முறை ஓட்டிப் பார்க்கும்போதே கண்ணில் படும்.

இரண்டாவது, சொல் எல்லையைக் குறிக்கும் `\b` ஆங்கில எழுத்துச் சொற்களில் மட்டும் இருப்பதைக் கவனியுங்கள். பைத்தானின் `re` தமிழ்த் துணையெழுத்துகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எடுத்துக்கொள்வதில்லை. கால், கொம்பு வருகிற இடமெல்லாம் சொல் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறது. தமிழ்ச் சொல்லுக்கு முன்னும் பின்னும் `\b` போட்டால் சரியாக இருக்கிற கமெண்ட்டும் விட்டுப்போகும், பிழைச்செய்தியும் வராது. அதனால் தமிழ்ப் பகுதியில் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது. "என்ன" என்று தேடுவதால் "என்னோட", "என்னால" எல்லாமும் சேர்ந்து வரும். வரட்டும். கூடுதலாக வந்ததைக் கண்ணால் பார்த்துத் தள்ளலாம், வராமல் போனதை யாரும் பார்க்கப் போவதில்லை.

சல்லடையில் சிக்காத ஒரு வகை உண்டு. "நானும் செஞ்சேன், கல்லு மாதிரி வந்துச்சு." இதில் கேள்விச்சொல் எதுவும் இல்லை. ஆனால் அவர் கேட்பது ஒரு கேள்விதான். பொங்கலை, வரலை, ஒட்டுது, புளிச்சிருச்சு, மஞ்சளாயிருச்சு என்று குறை சொல்லும் சொற்களை வைத்துத் தனியாக ஒரு முறை தேடுகிறேன். என் அனுபவத்தில் நல்ல டைட்டில் கிடைத்ததெல்லாம் இந்த வகையிலிருந்துதான். செய்து பார்த்துத் தோற்றவர் எழுதுகிற கமெண்ட் இது. அவரிடம் விவரம் இருக்கும்.

இனி உண்மையான வேலை. திரண்ட கேள்விகளை எதை வைத்துக் கூட்டம் கூட்டுவது? சொல் ஒத்துப்போவதை வைத்துக் கூட்டினால் எங்கள் வீடியோவில் முதலிடம் "மாவு பொங்கலை" என்பதற்குத்தான். அதையே டைட்டிலாக வைத்து "மாவு பொங்காததற்குக் காரணங்கள்" என்று ஒரு வீடியோ எடுக்கத் தோன்றும். எடுத்திருந்தால் யாருக்கும் முழுதாகப் பயன்படாத வீடியோவாகத்தான் வந்திருக்கும். அந்த ஒரு புகாருக்குள் நாலைந்து வேறு வேறு பிரச்சினைகள் இருக்கின்றன.

நான் செய்வது இதுதான். ஒவ்வொரு கேள்வியையும் விரிதாளில் மூன்று கட்டமாகப் பிரித்து எழுதுகிறேன்: அவரிடம் என்ன இருக்கிறது, அவர் என்ன பார்த்தார், அவருக்கு என்ன வேண்டும். "கனடால இருக்கேன், நைட் ஃபுல்லா வெச்சும் மாவு அப்படியே இருக்கு" என்ற கமெண்ட்டில் முதல் கட்டம் குளிர் ஊர், இரண்டாவது மாவு அசையவே இல்லை, மூன்றாவது காலைக்குள் பொங்க வேண்டும். "மிக்ஸில அரைச்சேன், புளிச்ச வாசனை வருது ஆனா பொங்கலை" என்பதில் முதல் கட்டம் மிக்ஸி, இரண்டாவது புளித்தும் எழும்பவில்லை. இருவரும் சொன்னது ஒரே சொல். பிரச்சினை வேறு.

இதைப் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"புளிச்சுதா, புளிக்கலையா?"

"ஏன் பெரியம்மா?"

"புளிக்கவும் இல்லை, பொங்கவும் இல்லைன்னா சூடு பத்தலைடா. புளிச்சிருக்கு, ஆனா பொங்கலைன்னா உளுந்து சரியா அரைபடலை, இல்லேன்னா தண்ணி கூடிப்போச்சு."

இதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. மாவைப் பொங்க வைப்பதில் முக்கியப் பங்கு லூகோனாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்ற பாக்டீரியாவுக்கு. அது அமிலத்தையும் உண்டாக்குகிறது, கரியமில வாயுவையும் உண்டாக்குகிறது. மாவு புளித்திருந்தால் பாக்டீரியா தன் வேலையைச் செய்துவிட்டது என்று பொருள். வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டிய உளுந்து மாவு நுரை கட்டாமல் போயிருக்கும், அல்லது மாவு நீர்த்துப்போய் வாயு வெளியேறியிருக்கும். புளிக்கவே இல்லையென்றால் பாக்டீரியா பெருகுவதற்குச் சூடோ நேரமோ போதவில்லை. நம் ஊரில் 28 முதல் 32 டிகிரிக்குள் எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரத்தில் முடிகிற காரியம், வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும் இடத்தில் அதற்குள் முடியாது.

பெரியம்மாவின் அந்த ஒரு கேள்வி "மாவு பொங்கலை" கூட்டத்தை இரண்டாகப் பிளந்துவிட்டது. புளிக்காதவர்களின் முதல் கட்டத்தைப் பார்த்தால் லண்டன், டொரண்டோ, ஊட்டி, டிசம்பர் பெங்களூரு. புளித்தும் பொங்காதவர்களின் முதல் கட்டத்தில் மிக்ஸி, பழைய உளுந்து, "கொஞ்சம் தண்ணியா அரைச்சிட்டேன்". துறை தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேள்விகளைப் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என்னிடம் இல்லை. விரிதாளை நான் எத்தனை முறை வரிசைப்படுத்தியிருந்தாலும் புளிப்பை வைத்துப் பிரித்திருக்க மாட்டேன்.

கூட்டம் கூட்டிய பிறகு, ஒவ்வொரு கேள்வியையும் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும். இந்த முடிவுதான் மொத்த வேலையின் சாரம் என்று நினைக்கிறேன். நான் கேட்டுக்கொள்வது: இதற்குப் பதில் இரண்டு வரியில் முடியுமா, அல்லது கண்ணால் பார்த்தால்தான் விளங்குமா? "மாவு ஃப்ரிட்ஜில் எத்தனை நாள் இருக்கும்", "இட்லி அரிசிக்குப் பதில் ரேஷன் புழுங்கல் அரிசி போடலாமா", "வெந்தயம் கட்டாயமா" போன்றவை இரண்டு வரியில் முடிபவை. இவை டிஸ்கிரிப்ஷனுக்கு. இதையெல்லாம் எட்டு நிமிட வீடியோவாக இழுத்தால் பார்ப்பவர் பதில் கிடைத்த மறுநொடி போய்விடுவார், அது நியாயமும்கூட. உளுந்து மாவு எந்தப் பதம் வரும்வரை அரைபட வேண்டும் என்பதையோ பார்க்க வேண்டும். ஒரு துளி மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், மூழ்கினால் இன்னும் அரைக்க வேண்டும். எழுதினால் ஒரு வரிதான், ஆனால் மிதப்பதும் மூழ்குவதும் எப்படி இருக்கும் என்று பார்த்தவருக்கே நம்பிக்கை வரும். அது புது வீடியோவுக்கு.

மூன்றாவது இடம் ஒன்று உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் ஏற்கெனவே உங்கள் பழைய வீடியோ ஒன்றில் இருக்கும், ஆனால் டைட்டிலைப் பார்த்தால் தெரியாது. எங்கள் சேனலில் "மென்மையான இட்லி, பாட்டி கைப்பக்குவம்" என்று ஒரு வீடியோ இருந்தது. அதில் பெரியம்மா முழுக்க முழுக்க மிக்ஸியில்தான் அரைக்கிறார். ஐஸ் தண்ணீர் ஊற்றி, விட்டு விட்டு அரைத்து, ஜார் சூடாகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அதில் இருக்கிறது. கிரைண்டர் வீடியோவுக்குக் கீழே "மிக்ஸில எப்படி" என்று கேட்கிறவர் யாருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியாது. புதிதாக எடுக்க அவசியமே இல்லாமல் டைட்டிலை மட்டும் மாற்றினேன்: "மிக்ஸியில் இட்லி மாவு: உளுந்து சூடாகாமல் அரைக்கும் முறை". பழைய டைட்டிலை, மாற்றிய தேதியோடு விரிதாளில் குறித்து வைத்துக்கொண்டேன். தேடலில் ஏற்கெனவே நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் வீடியோவின் டைட்டிலை இப்படித் தொட மாட்டேன். இது யாரும் பார்க்காமல் கிடந்த வீடியோ.

கேள்வியை டைட்டிலாக்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கமெண்ட் எழுதுகிறவர் நம் வீடியோவைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார். அதனால் பாதியை விழுங்கிவிடுவார். "இதுக்கு எவ்ளோ தண்ணி" என்பார். "இது" என்னவென்று நமக்கும் அவருக்கும் தெரியும். தேடுபெட்டியில் தட்டுகிறவருக்கு நம் வீடியோ இருப்பதே தெரியாது; அவர் "இட்லி மாவு" என்று முழுசாகத்தான் தேடுவார். ஆகவே கமெண்ட்டில் விட்டுப்போன பொருளைத் திரும்பச் சேர்க்க வேண்டும், அவருடைய மற்றச் சொற்களை அப்படியே வைத்திருக்க வேண்டும். "நொதித்தல் குறைபாடு" என்று யாரும் கேட்கவில்லை. "பொங்கலை" என்றுதான் கேட்டார்கள்.

அந்தப் "பொங்கலை"யிலும் ஒரு சிக்கல். ஆங்கில எழுத்தில் அது `pongala`. திருவனந்தபுரத்து ஆற்றுகால் கோயில் திருவிழாவுக்கும் அதே எழுத்துக்கூட்டல்தான். தமிழ் எழுத்தில் தேடினாலும் பொங்கல் பண்டிகையும் வெண்பொங்கலும் குறுக்கே வரும். "மாவு" என்ற சொல் பக்கத்திலேயே ஒட்டி நின்றால்தான் தேடலுக்கும் படிப்பவருக்கும் விளங்குகிறது.

கமெண்ட் எழுதியவர்கள் எல்லாம் ஏற்கெனவே நம்மிடம் வந்தவர்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அவர்கள் கேட்டதையே வெளியிலிருப்பவர்களும் தேடுகிறார்களா என்று பார்க்காமல் நான் புது வீடியோ எடுப்பதில்லை. ஸ்டூடியோவின் அனலிட்டிக்ஸில், பார்வைகள் எங்கிருந்து வருகின்றன என்ற பகுதியில் யூடியூப் தேடலைத் திறந்தால், எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்று காட்டும். குளிர் பற்றிய கேள்விக்கு ஒத்தவை அங்கே தமிழிலும் ஆங்கில எழுத்திலும் இருந்தன. தேடி வந்தவர்களுக்கு எங்கள் பழைய வீடியோவில் பதில் இல்லை. கிரைண்டர் வீடியோவில் குளிரைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அப்போதுதான் எடுப்பதென்று முடிவானது. மாறாக, "கல் உப்புதான் போடணுமா" என்ற கேள்வி கமெண்ட்டில் அடிக்கடி வரும், நிறைய லைக்கும் வாங்கும். தேடல் பட்டியலில் அது எங்குமே இல்லை. வீடியோவைப் பார்த்த பிறகு எழுகிற சந்தேகம் அது. டிஸ்கிரிப்ஷனில் ஒரு வரி போதும்.

குளிர் வீடியோவுக்குக் கடைசியில் வைத்த டைட்டில்:

"குளிர் ஊரில் இட்லி மாவு பொங்கலையா? ஓவன் லைட் போதும்"

டைட்டிலுக்கு வரம்பு 100 என்பார்கள். தமிழில் அந்த நூறு சீக்கிரம் தீர்ந்துவிடும். மெய்க்குப் பக்கத்தில் வரும் துணையெழுத்தும் மேலே வைக்கிற புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "மாவு" கண்ணுக்கு இரண்டு எழுத்து, கணக்கில் நாலு. மேலே உள்ள டைட்டிலில் கண்ணுக்குத் தெரிவது 24 எழுத்துதான். இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்துக் கணக்கில் 51. ஃபோனில் இரண்டு வரிக்கு மேல் காட்டாமல் வெட்டிவிடுவதால், கேட்டவரின் நிலைமையைச் சொல்லும் சொல் முதலில் வந்துவிட வேண்டும். "குளிர் ஊரில்" என்பது முன்னால் நிற்பது அதனால்தான். லண்டனில் இருப்பவர் இதைத் தனக்கென்று எடுத்துக்கொள்வார். மதுரையில் இருப்பவர் கடந்து போய்விடுவார். போகட்டும், அவருக்கு இந்த வீடியோ தேவையில்லை. டைட்டிலில் கேள்வி கேட்டால் பதிலின் முனையையும் அங்கேயே கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. ஓவனைப் போடாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை வைக்க வேண்டும் என்பதை டைட்டிலிலேயே ஊகித்துக்கொண்டு ஒருவர் வீடியோவைப் பார்க்காமல் போனாலும் எனக்கு வருத்தமில்லை.

டிஸ்கிரிப்ஷன் கேள்வி பதிலுக்கு வருகிறேன். இதிலும் இடம்தான் முதல் பிரச்சினை. வரம்பு 5000 எழுத்து என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். ஏபிஐ ஆவணமோ அதை 5000 பைட் என்கிறது. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், ஒவ்வொரு துணையெழுத்துக்கும், புள்ளிக்கும் மூன்று மூன்று பைட். 5000 பைட்டுக்குள் ஏறக்குறைய இருநூறு தமிழ்ச் சொற்கள்தான் அடங்கும். அளவுப் பட்டியல், சாப்டர் நேரங்கள், இணைப்புகள் எல்லாம் அதற்குள்ளேதான். ஆகவே ஆறேழு கேள்விக்கு மேல் வைக்க முடியாது. எதை வைப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேர் கேட்டார்கள் என்பதோடு லைக்கையும் பார்க்கிறேன். கேள்விக்கு விழுந்த லைக் என்பது "எனக்கும் இதே சந்தேகம்" என்று கை தூக்கியது மாதிரி.

எங்கள் வீடியோவில் இப்போது இருப்பதில் ஒரு பகுதி:

```
கே: மிக்ஸியில் அரைக்கலாமா?
ப: அரைக்கலாம். 4:1க்குப் பதில் 3 பங்கு அரிசிக்கு
1 பங்கு உளுந்து. உளுந்துக்கு ஐஸ் தண்ணீர்.

கே: உப்பு எவ்வளவு?
ப: 4 கப் அரிசி, 1 கப் உளுந்துக்கு 2 டீஸ்பூன் கல் உப்பு.
உங்கள் ருசிக்குக் கூட்டிக் குறைக்கலாம்.

கே: மாவு புளித்தது, ஆனால் பொங்கவில்லை. ஏன்?
ப: உளுந்து நுரைக்கவில்லை அல்லது தண்ணீர் அதிகம்.
உளுந்து மாவில் ஒரு துளி தண்ணீரில் மிதக்க வேண்டும்.
```

பதில் முதல் சொல்லிலேயே தொடங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறேன். "இது பலருக்கும் வரும் சந்தேகம்" என்று ஆரம்பித்தால் இருக்கிற இருநூறு சொல்லில் நாலு வீண். உப்புக் கேள்வி இங்கே வந்ததற்குக் காரணம், வீடியோவில் பெரியம்மா "தேவையான உப்பு" என்றுதான் சொல்வார். அவர் கை அளவில் போடுகிறவர். கமெண்ட்கள் வந்த பிறகு, அவர் போடுகிற உப்பைக் கிண்ணத்தில் வாங்கி டீஸ்பூனில் அளந்து எழுதினேன். கேள்வி பதிலில் நானாக ஊகித்த எதையும் எழுதுவதில்லை. செய்து பார்த்து உறுதியானது மட்டும். சிறுதானியத்தில் இதே அளவு சரிவருமா என்று பலர் கேட்கிறார்கள். சிறுதானியம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி தண்ணீர் இழுக்கும், பெரியம்மா அவற்றில் இன்னும் அளவு பிடிக்கவில்லை. அதனால் அது பட்டியலில் இல்லை.

செயல்முறையில் இன்னும் இரண்டு விஷயம். டிஸ்கிரிப்ஷனில் `<`, `>` குறிகள் ஏற்கப்படாது. அம்புக்குறி போட நினைப்பவர்கள் வேறு குறியைத் தேடிக்கொள்ள வேண்டும். சாப்டர்கள் வைத்திருந்தால், நேரங்கள் `00:00`இல் தொடங்கி ஏறுவரிசையில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதியும் 10 விநாடியாவது நீள வேண்டும் என்பது விதி. பதிலுக்குள் "04:10 பாருங்கள்" என்று நேரம் எழுதினால் இந்த வரிசைக்கு இடைஞ்சல் வரலாம். அதனால் கேள்வி பதிலில் நேரத்துக்குப் பதில் சாப்டரின் பெயரைச் சொல்கிறேன்: "உளுந்து பதம் பகுதியைப் பாருங்கள்." எதைச் சேர்த்தாலும், சேமித்ததும் வீடியோவைத் திறந்து சாப்டர்கள் அப்படியே இருக்கின்றனவா என்று ஒரு தரம் பார்த்துவிடுகிறேன்.

இதெல்லாம் செய்த பிறகு கேள்விகள் குறைந்தனவா? கமெண்ட்டின் தேதியை எடுத்து வைத்தது இதற்காகத்தான். டிஸ்கிரிப்ஷன் மாற்றிய தேதிக்கு முன்பும் பின்பும் வந்த கமெண்ட்களில் அதே சல்லடையை ஓட்டிப் பார்க்கலாம். உப்புக் கேள்வி கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. ஃபோனில் டிஸ்கிரிப்ஷன் மடங்கியே இருக்கும்; தட்டித் திறக்கிறவர்கள்தான் படிப்பார்கள், டிவியில் பார்ப்பவர்கள் அதுவும் செய்வதில்லை. அதனால் அதிகம் கேட்கப்படும் ஒரே ஒரு கேள்வியையும் பதிலையும் பின் செய்த கமெண்ட்டாக மேலே வைத்தேன். கமெண்ட் எழுத வருகிறவர் எழுதும் முன் கண்ணில் படுவது அதுதான். உப்புக் கேள்வி அதன் பிறகே கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கியது. மற்றவற்றுக்கு டிஸ்கிரிப்ஷன் வேறு விதத்தில் உதவுகிறது. கேள்வி வரும்போது பார்வையாளர்களே "டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு பாருங்க" என்று பதில் சொல்லிவிடுகிறார்கள்.

மிக்ஸி வீடியோவுக்கு டைட்டில் மாற்றியதன் பலனைக் கமெண்ட்டில் பார்க்க முடியாது, தேடல் சொற்களில் பார்க்க வேண்டும். சில வாரம் கழித்துத் திறந்தால், முன்பு "சாஃப்ட் இட்லி" என்று தேடியவர்கள் மட்டும் வந்த இடத்தில் மிக்ஸி என்ற சொல்லோடு தேடி வந்தவர்களும் தெரிந்தார்கள். கமெண்ட்களின் தன்மையும் மாறியது. இப்போது கேட்பது "எத்தனை வாட்ஸ் மிக்ஸி", "ஜார் எவ்வளவு நிரப்பணும்". ஜார் கேள்வி இரண்டு வரியில் முடியும், டிஸ்கிரிப்ஷனுக்குப் போய்விட்டது. வாட்ஸ் கேள்விக்கு வெவ்வேறு மிக்ஸியில் அரைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீடுகளில் இரவல் கேட்டு வைத்திருக்கிறோம்.

குளிர் வீடியோ வெளியானதும் நான் செய்த கடைசி வேலை, பழைய வீடியோவில் குளிரைப் பற்றிக் கேட்ட ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் போய் இணைப்போடு பதில் எழுதியது. ஸ்டூடியோவின் தேடுபெட்டியில் "கனடா", "லண்டன்", "ஊட்டி", "குளிர்" என்று ஒவ்வொன்றாகத் தேடினால் அவை கிடைத்துவிடும். நீள வீடியோக்களின் கமெண்ட்டில் இணைப்பைத் தட்டினால் திறக்கும். ஷார்ட்ஸில் 2023 ஆகஸ்ட் 31இல் இருந்து திறக்காது, அங்கே வீடியோவின் பெயரைத்தான் எழுத வேண்டும். ஒரே வாசகத்தை எல்லோருக்கும் ஒட்டினால் ஸ்பேம் என்று ஒதுக்கப்படும் வாய்ப்பு உண்டு என்பதால், அவரவர் சொன்ன விவரத்தை ஒட்டி ஒரு வரி எழுதி, பிறகு இணைப்பு. பதில் எழுதியவர்களில் ஒருவர், தன் வீட்டு ஓவனில் விளக்கைத் தனியாகப் போட வழியில்லை என்றும் ஹீட்டர் மூடியின் மேல் மாவை வைத்ததாகவும் எழுதியிருந்தார். அதை "அவரிடம் என்ன இருக்கிறது" கட்டத்தில் ஏற்றியிருக்கிறேன். இன்னும் நாலு பேர் அதையே கேட்டால் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டுவேன்.